‘என் சிகிச்சையில் இருந்தார்’

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி டோக்கனுக்கு முந்தைய டோக்கன். உள்ளே வந்தவர் பஸ் டிரைவர், 44 வயது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். லேப் ரிப்போர்ட்.

“திங்கக்கிழமையிலிருந்து காய்ச்சல் சார். டூட்டிக்குப் போகல. இப்ப விட்டிருச்சு, ஆனா எந்திரிச்சா தலை சுத்துது. திங்கக்கிழமையிலிருந்து ஒரு எம்.சி. போட்டுக் குடுத்திருங்க சார்.”

அன்றைக்குத் தேதி 16. திங்கட்கிழமை 12ஆம் தேதி. நான் அவரை முதன்முதலாகப் பார்ப்பதே 16ஆம் தேதிதான். ஆனால் என் மேஜை இழுப்பறையில் இருந்த அச்சிட்ட சான்றிதழ்ப் படிவத்தில் ஒரு வரி தயாராகக் காத்திருந்தது. அது ஆங்கிலத்தில் இருக்கும்; தமிழில் சொன்னால், ‘இவர் ........ முதல் ........ வரை என் சிகிச்சையில் இருந்தார்’. முதல் கோட்டில் 12 என்று எழுதினால் வேலை முடிந்தது. அவரும் போய்விடுவார், நானும் கடைசி நோயாளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அவர் பொய் சொல்லவில்லை. காய்ச்சல் உண்மை, லீவு உண்மை, தலைசுற்றலும் உண்மை. ஆனாலும் அந்தக் கோட்டில் 12 என்று எழுதினால் அது பொய்ச் சான்றிதழ். நோயைப் பற்றிய பொய் அல்ல, என்னைப் பற்றிய பொய். 12ஆம் தேதி அவர் என் சிகிச்சையில் இல்லை.

மருத்துவச் சான்றிதழ் வழக்குகளில் மருத்துவர்கள் பெரும்பாலும் மாட்டுவது இந்த இடத்தில்தான். நோயே இல்லாதவனுக்கு நோய் எழுதிக் கொடுப்பது வேறு ரகம். அதைச் செய்கிறவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியும். நல்ல மருத்துவரும் நல்ல நோயாளியும் சேர்ந்து, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், சட்டத்தின் வாயில் போய் விழுவது இந்த ‘முதல் - வரை’யில்.

நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிது. தெரிந்த குடும்பத்துப் பையன், பத்து நாள் மஞ்சள்காமாலை. ஊரில் நாட்டு மருந்து சாப்பிட்டுக் குணமாகி வந்து நின்றான். கண்ணில் மஞ்சள் இன்னும் மிச்சமிருந்தது. பத்து நாளும் என் சிகிச்சையில் இருந்ததாக எழுதிக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. அந்தப் பத்து நாளில் ஒரு நாள் நடந்த அடிதடி வழக்கில் அவன் பெயர் இருந்ததாம். தான் படுத்த படுக்கையாக இருந்ததற்கு ஆதாரமாக என் சான்றிதழை வைத்திருந்தான். வக்கீல் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அந்தத் தேதியில் இவரை நீங்கள் எங்கே வைத்துப் பார்த்தீர்கள், டாக்டர்?” என் கிளினிக் நோட்டில் அந்தத் தேதிக்கு அவன் பெயர் இல்லை. பார்க்கவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். நீதிபதி கடுமையாகக் கண்டித்ததோடு விட்டார். கூண்டிலிருந்து இறங்கும்போது கால் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அவர் விட்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டப்படி தரவேண்டிய சான்றிதழையோ, சட்டப்படி சாட்சியமாக ஏற்கப்படும் சான்றிதழையோ முக்கியமான விஷயத்தில் பொய் என்று தெரிந்தே கொடுப்பது, பொய்ச்சாட்சி சொன்னதற்குச் சமமான குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 197ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 234ஆம் பிரிவு. நீதிமன்ற நடவடிக்கையில் என்றால் 7 ஆண்டு வரை சிறை, மற்றபடி 3 ஆண்டு வரை. அடுத்த பிரிவான 235 நோயாளிகளுக்கானது: பொய் என்று தெரிந்தே சான்றிதழைப் பயன்படுத்தினாலும் அதே தண்டனை. டாக்டர்தானே எழுதினார் என்று தப்ப முடியாது.

தனியார் கம்பெனியின் லீவுக்காகக் கொடுக்கும் சாதாரண எம்.சி. இந்தப் பிரிவுக்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடலாம். மருத்துவக் கவுன்சில் முன்னால் அந்த வாதத்துக்கு இடமில்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் 7.7 என்ற விதி, மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ் பொய்யானதாகவோ, தவறாக எண்ணவைப்பதாகவோ, முறையற்றதாகவோ இருந்தால் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்கிறது. ‘தவறாக எண்ணவைப்பது’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருந்து, மொத்தமாகப் படிப்பவருக்குத் தப்பான அர்த்தம் வந்தாலும் குற்றம்தான். (2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன, அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆகவே 2002 விதிகள்தான் இன்றைக்கும் துணை.)

சரி, டிரைவருக்கு வருவோம். அவர் நாலு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. உண்மையை எழுதினால் அதற்குள்ளேயே அவருக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும். அவர் சொன்னதை அவர் சொன்னதாக எழுத வேண்டும். நான் பார்த்ததை நான் பார்த்ததாக எழுத வேண்டும். இனி என்ன வேண்டும் என்பதை என் கருத்தாக எழுத வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்காதவரை சான்றிதழ் எந்தக் கூண்டிலும் நிற்கும்.

லேப் ரிப்போர்ட்டைப் பிரித்தேன். தேதி 13. டெங்கு என்.எஸ்.1 பாசிட்டிவ். யாரோ மருந்துக்கடையில் சொல்லி எடுத்திருக்கிறார். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் உஷாராக இருக்க வேண்டிய நாட்கள் என்பதால் முதலில் சான்றிதழை மறந்துவிட்டு ஆளைப் பார்த்தேன். படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தால் 120க்கு 80. எழுப்பி நிற்கவைத்துப் பார்த்தால் 96க்கு 70, சுவரைப் பிடித்துக்கொண்டார். கைகளில் லேசான சிவப்புத் தடிப்பு. அன்றிரவே தட்டணுக்களும் ரத்தத்தின் அடர்த்தியும் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பயப்படும்படி இல்லை. பிறகு உட்கார்ந்து எழுதினேன்:

“12ஆம் தேதி முதல் காய்ச்சல் இருந்ததாகவும் பணிக்குச் செல்லவில்லை என்றும் நோயாளி தெரிவித்தார். அவர் காட்டிய 13ஆம் தேதியிட்ட ரத்தப் பரிசோதனை அறிக்கையில் டெங்கு உறுதியாகியுள்ளது. 16ஆம் தேதி நான் பரிசோதித்தபோது அவருக்கு டெங்குவுக்குப் பிந்தைய சோர்வும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் குறைவதும் காணப்பட்டன. 12 முதல் நோய்வாய்ப்பட்டிருந்தார் என்பதுடன் இவை பொருந்துகின்றன. 16 முதல் 22 வரை 7 நாட்கள் ஓய்வு அவசியம் எனக் கருதுகிறேன்.”

கீழே தேதி 16.

‘பொருந்துகின்றன’ என்ற சொல்தான் இதில் பாரம் சுமப்பது. 12ஆம் தேதி அவருக்குக் காய்ச்சல் இருந்தது என்று நான் சாட்சி சொல்லவில்லை. நான் பார்த்தது அதற்கு முரணாக இல்லை என்று மட்டும் சொல்கிறேன். லேப் ரிப்போர்ட் இல்லாமல், தடிப்பும் இல்லாமல், வெறும் அசதியோடு வந்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டேன். முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருப்பேன்.

“ஆபீஸ்ல இத ஒத்துக்கலன்னா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பல அலுவலகங்களில் கிளார்க்குகள் ‘முதல் - வரை’ இரண்டு தேதிக்கும் இடையே ஓட்டை இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். மருத்துவர்களைப் பொய் எழுதத் தள்ளுவதில் பாதிப் பங்கு இவர்களுடையது என்பது என் கட்சி. ஆனால் லீவு கொடுப்பது மருத்துவரின் வேலையே அல்ல. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972 விடுப்பு விதிகளில் 19ஆம் விதி, மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டதாலேயே விடுப்பு உரிமை ஆகிவிடாது என்று நேராகவே சொல்கிறது. சந்தேகம் இருந்தால் வேறொரு அரசு மருத்துவரின் இரண்டாவது கருத்தைக் கேட்கவும் அதிகாரிக்கு இடம் உண்டு. மருத்துவர் பரிந்துரைக்கிறார், அதிகாரி முடிவெடுக்கிறார். முதல் நாலு நாளுக்கு லேப் ரிப்போர்ட்டின் நகலை இணைத்துத் தனியாக விண்ணப்பம் எழுதச் சொன்னேன். எழுதினார். அவை ஏற்கப்பட்டன.

சான்றிதழின் மேல் ஓரத்தில் அவர் என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். வலது புருவத்துக்கு மேல் தழும்பு, இடது தோளில் மச்சம் என்று அடையாளம் எழுதினேன். இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமா என்று. 2002 விதிகளே இதைக் கேட்கின்றன: கையெழுத்து அல்லது கைரேகை, முகவரி, குறைந்தது ஓர் அடையாளம், மருத்துவரின் பதிவு எண், சான்றிதழின் நகல், எல்லாம் வரிசையாகப் பதிய ஒரு பதிவேடு. எந்த மருத்துவரும் எந்த ஆளையும் பார்க்காமல் எழுதிவிடாதபடி போட்ட பூட்டு அது. மச்சம் எங்கே இருக்கிறது என்று எழுத ஆளைப் பார்த்தே ஆகவேண்டும். தங்கச்சிக்கு எம்.சி. வாங்க அண்ணன் வந்து நிற்கிற கதை அங்கேயே முடிந்துவிடும்.

நோயின் பெயரை எழுதுவதா வேண்டாமா என்பது அடுத்த சிக்கல். டெங்குவில் இது தலைவலி இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரம் வந்திருந்த ஒரு பெண்ணின் விஷயத்தில் இருந்தது. அலுவலகத்தில் வேலை செய்கிறவர், மூன்றாவது மாதத்தில் கருச்சிதைவு. “டைபாய்டுன்னு போட்டுருங்க டாக்டர். ஆபீஸ்ல யாருக்கும் சொல்லல” என்றார்.

மனசு இளகத்தான் செய்யும். அந்த அலுவலகத்தில் அவருடைய சான்றிதழ் எத்தனை மேஜை சுற்றும், எத்தனை பேர் குனிந்து படிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் டைபாய்டு என்று எழுதுவது அப்பட்டமான பொய். கருணையோடு எழுதினாலும் பொய்தான். இன்னொரு விஷயமும் உண்டு. கருச்சிதைவுக்கு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது சட்டம் தந்த உரிமை. டைபாய்டு என்று எழுதி இரண்டு வாரம் வாங்கிக் கொடுத்தால், அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்த உரிமையை அவர் கையிலிருந்து நானே பிடுங்கியதாகும். இதைச் சொன்னதும் அவர் யோசித்தார். “யார் கிட்ட குடுக்கணும்?” என்றார். மனிதவளப் பிரிவின் தலைவரிடம் மூடிய உறையில் நேராகக் கொடுக்கலாம், மேசை மேசையாகப் போக வேண்டியதில்லை என்றேன். எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? அப்போதும் வழி உண்டு. பொதுவாக எழுதலாம், பொய்யாக எழுதக்கூடாது. ‘மருத்துவக் காரணத்தால் சிகிச்சை பெற்றார், ஓய்வு தேவை, விவரம் நோயாளியின் விருப்பப்படி குறிப்பிடப்படவில்லை’ என்பது உண்மை. அலுவலகம் அதை ஏற்காமல் போகலாம். 2002 விதிகளில் உள்ள மாதிரிப் படிவமே நோயின் தன்மையையும் அது எவ்வளவு நாள் இருக்கும் என்பதையும் குறிப்பிடச் சொல்கிறது. அந்தப் படிவத்துக்கும் ரகசியம் காக்கும் கடமைக்கும் நடுவில் மருத்துவர் நிற்கிறார். நான் கடைப்பிடிப்பது இது: எழுதப்போகும் வார்த்தையை நோயாளிக்குப் படித்துக் காட்டுவேன். அவர் தலையசைத்தால் எழுதுவேன். சான்றிதழை அவர் கையில்தான் கொடுப்பேன். அதை யாரிடம் காட்டுவது என்பது அவர் முடிவு. எச்.ஐ.வி., மனநலம் இரண்டிலும் 2017இல் வந்த தனித்தனிச் சட்டங்கள் ரகசியத்தை இன்னும் இறுக்கமாகக் காக்கின்றன. அங்கே தலையசைப்பு போதாது, எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவேன்.

அலுவலகத்திலிருந்து போன் வரும். “டாக்டர், எங்க ஸ்டாஃப் ஒருத்தர் உங்க சர்டிபிகேட் குடுத்திருக்கார். உண்மையிலேயே என்ன வியாதி?” பதிவேட்டைப் பார்த்து, இந்த எண்ணும் தேதியும் கொண்ட சான்றிதழ் நான் கொடுத்ததுதான் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அது போலியைக் கண்டுபிடிக்கப் போதும். அதற்கு மேல் கேட்டால் எழுத்தில் கேளுங்கள், நோயாளியின் சம்மதத்தோடு கேளுங்கள் என்பேன். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

டிரைவர் 23ஆம் தேதி காலையில் வந்தார். முகம் தெளிந்திருந்தது. நிற்கவைத்துப் பார்த்தாலும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. “ஃபிட்னஸ் குடுத்தீங்கன்னா இன்னைக்கே மதியம் ஷிப்ட்டுக்குப் போயிருவேன் சார்.” மருத்துவ விடுப்பில் போனவர் தகுதிச் சான்று இல்லாமல் பணியில் சேர முடியாது என்பது அரசுப் பணியில் விதி, மற்ற இடங்களிலும் அதுவே வழக்கம்.

மாதிரிப் படிவத்தின் இரண்டாம் பாதி இப்படி இருக்கும்: உடல்நலம் திரும்பியதால் இவர் பணியில் சேரத் தகுதியுடையவர். அவ்வளவுதான். என்ன பணி என்று கேட்கும் கோடே அதில் கிடையாது. கணக்கு எழுதுகிறவருக்கும் 50 பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிறவருக்கும் ஒரே வாக்கியம்.

எழுத ஆரம்பித்தேன். கூட வந்திருந்த அவர் மனைவி வாசலோரம் நின்றுகொண்டு மெல்லச் சொன்னார்: “புதன்கிழமை பாத்ரூம்ல விழுந்ததச் சொல்லுங்க.” டிரைவர் திரும்பி அவரை முறைத்தார். “அது ஒண்ணுமில்ல சார்.” “ஒண்ணுமில்லயா? கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சு டாக்டர் சார். கண்ணு மேல போயிருச்சு.”

பேனாவை மூடி வைத்தேன்.

டெங்குவில் உடம்பில் நீர் வற்றி, எழுந்ததும் மயங்கி விழுவது சகஜம். அப்படி மயங்கும்போதும் சில விநாடி கை கால் துடிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது வலிப்பு மாதிரியே தெரியும். வலிப்பாகவும் இருக்கலாம். என் கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு எது என்று தீர்மானிக்க முடியாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1இல் கேட்கப்படும் முதல் கேள்வியே வலிப்பும் திடீர் நினைவிழப்பும் தலைசுற்றலும் உண்டா என்பதுதான். இது தெரிந்த பிறகும் ‘பணிக்குத் தகுதியுடையவர்’ என்று எழுதினால், ஒவ்வொரு வார்த்தைக்கும் சமாதானம் சொல்ல முடிந்தாலும், அது 7.7 விதி சொல்லும் ‘தவறாக எண்ணவைப்பது’.

அதற்காக ‘தகுதியற்றவர்’ என்றும் எழுத முடியாது. அதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த ஒரு சொல் அவர் கோப்பில் ஏறிவிட்டால் பிறகு இறங்காது. வலிப்பு என்ற சொல்லையும் எழுதத் தேவையில்லை. சந்தேகத்தை நோயாக எழுதுவதும் பொய்தான். எழுதியது இது:

“டெங்கு காய்ச்சலிலிருந்து குணமடைந்துள்ளார். உட்கார்ந்து செய்யும் பணியில் 23ஆம் தேதி முதல் சேரலாம். வாகனம் ஓட்டும் பணிக்கு மேலும் ஒரு சிறப்பு மருத்துவப் பரிசோதனை தேவைப்படுகிறது. அதன் முடிவு வரும்வரை அந்தப் பணிக்கான தகுதி பற்றி என்னால் சான்று தர இயலாது.”

படித்துக் காட்டியதும் அவர் முகம் மாறியது. “இதக் குடுத்தா என்னை டெப்போல உக்கார வச்சிருவாங்க சார். ஓ.டி. போயிரும், பேட்டா போயிரும். வெறும் சம்பளம்தான்.” அவர் சொன்னது சரி. இழப்பு உண்மையானது, அதை நான் ஈடுகட்டப் போவதில்லை. “நாளைக்கே நரம்பு டாக்டரப் பாத்திருங்க” என்று கடிதம் எழுதி, விழுந்த நேரம், எவ்வளவு நேரம் நினைவில்லை, நாக்கைக் கடித்தாரா, சிறுநீர் போனதா என்று மனைவியிடம் கேட்டதையெல்லாம் அதில் குறித்தேன். வலிப்பா மயக்கமா என்று பிரிக்க இந்த விவரங்கள் ஸ்கேனைவிட உதவும்.

போகும்போது ஒன்று கேட்டார். “இத நான் ஆபீஸ்ல குடுக்காம, வேற டாக்டர் கிட்ட ஃபிட்னஸ் வாங்கிட்டா?” வாங்கலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனால் குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான, தெளிவாகத் தெரிகிற ஆபத்து இருக்கும் சூழலில் ரகசியத்தை மீற 2002 விதிகள் அனுமதிக்கின்றன என்பதை அவரிடம் மறைக்கவில்லை. அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை, செய்ய வைக்காதீர்கள் என்றேன். அவர் மனைவி கடிதத்தை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து நரம்பியல் மருத்துவரின் அறிக்கையோடு வந்தார்கள். ஈ.இ.ஜி., ஈ.சி.ஜி. இரண்டும் சாதாரணம். நீர் வற்றியதால் வந்த மயக்கம், வலிப்பு அல்ல என்று அவர் எழுதியிருந்தார். அதன் தேதியையும் குறிப்பிட்டு, ‘கனரக வாகனம் ஓட்டும் பணியில் சேரத் தகுதியுடையவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். பணியின் பெயரோடு. பழையபடி கையெழுத்து, புருவத் தழும்பு, தோள் மச்சம். பதிவேட்டில் அவருக்கு மூன்று வரிசை ஆகியிருந்தது.

அந்த மாதம் சான்றிதழ்ப் படிவம் தீர்ந்துபோய் அச்சகத்துக்குப் போனேன். ‘என் சிகிச்சையில் இருந்தார்’ வரியை எடுத்துவிட்டு, ‘நோயாளி தெரிவித்தது’, ‘நான் பரிசோதித்த தேதியும் கண்டதும்’, ‘பரிந்துரை’, ‘எந்தப் பணிக்கு’ என்று நாலு தலைப்பும் கீழே வெற்றிடமும் விடச் சொன்னேன். அச்சகக்காரர் பழைய படிவத்தையும் என் கையெழுத்துப் பிரதியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இவ்ளோ எடம் விட்டா உங்களுக்குத்தான சார் எழுத்து வேலை ஜாஸ்தி? எல்லா டாக்டரும் பழைய பிளாக்கையேதான் போடச் சொல்றாங்க” என்றார். 100 தாள் கொண்ட புத்தகம் 5 அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு தாளுக்கும் கார்பன் நகலும் வரிசை எண்ணும் வேண்டும் என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.